வாட்ஸ்அப் அறிவிப்பில் சாய்வெழுத்துக்கு மாற்று என்ன?

வணக்கம். தக்கலை அருகே எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், தெருவாரியாகக் குடிநீர் வரும் நாளும் நேரமும் அடங்கிய நீண்ட அறிவிப்பைக் கடந்த மாதம் முதல் நான் அனுப்பி வருகிறேன். உறுப்பினர்களில் பலர் முதியவர்கள். தங்கள் தெருவை மட்டும் அவர்கள் உடனே கண்டுபிடிக்க வேண்டும்.

தடித்த எழுத்துச் சிக்கல் தீர்ந்துவிட்டது. மூன்று வரிகளைச் சேர்த்து ஒரே சோடி நட்சத்திரக் குறிக்குள் இட்டபோது குறிகள் அப்படியே தெரிந்தன. வரிக்கு வரி தனித்தனியாக இட்டு, குறிக்கும் எழுத்துக்கும் இடையே இருந்த இடைவெளியை நீக்கியதும் சரியாயிற்று. கணினியில் என்டர் தட்டினால் பாதி அறிவிப்பிலேயே செய்தி அனுப்பப்பட்டுவிடுவதால், வரி பிரிக்க ஷிப்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்துகிறேன். இப்போதைய வடிவம் இது:

```
*கீழத்தெரு*
செவ்வாய், காலை 6 - 8
_மின்தடை இருந்தால் மாலையில்_
```

மூன்றாம் வரியில்தான் தடங்கல். என் ஆண்ட்ராய்டு போனில் தமிழ்ச் சாய்வெழுத்து சாதாரண எழுத்திலிருந்து வேறுபட்டே தெரிவதில்லை, ஆங்கில எழுத்து மட்டும் நன்றாகச் சாய்கிறது. அதையும் தடித்ததாக்கினால் தெருப்பெயர் கண்ணில் படாமல் போகிறது. வெற்று வரி விட்டால் அறிவிப்பு நீண்டு, பின்பாதி ‘மேலும் படிக்க’ என்பதற்குள் மறைகிறது. வரித் தொடக்கத்தில் > குறியிட்டு மேற்கோளாக்கினேன். புதுப்பிக்காத பழைய செயலியில் அந்தக் குறியே தெரிகிறது.

பழைய போனிலும் தெளிவாகத் தெரியும்படி, தமிழில் இத்தகைய துணைக்குறிப்பைத் தெருப்பெயரிலிருந்து நீங்கள் எப்படி வேறுபடுத்திக் காட்டுகிறீர்கள்?