பிக்சட் டெபாசிட் வட்டியில் பிடித்த வரி: 15 சதவீதம் போனது போனதுதானா?

புங்கோல் மீனா:
நான் சிங்கப்பூரில் டிபென்டன்ட் பாஸில் இருக்கும் குடும்பத் தலைவி. வேலை, வாடகை, ஷேர் எதுவும் இல்லை. ஊர் வங்கியில் என் பெயரில் என்ஆர்ஓ டெபாசிட் 20 லட்சம், 7 சதவீதம். 2025-26-க்கு வட்டி 1,40,000, அதில் 43,680 வரி பிடித்துவிட்டார்கள். "சிங்கப்பூரில் இருந்தால் 15 சதவீதம் கட்டியே ஆகணும், அதற்கு மேல் பிடித்ததுதான் திரும்ப வரும்" என்று வேறொரு குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? ரிட்டர்ன் எப்படிப் போடுவது?

உட்லண்ட்ஸ் கணக்கர்:
மீனாம்மா, அது தப்பு. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாக இருக்கிறது. உங்களுக்கு முழு 43,680-உம் திரும்ப வரும். புது வரி முறையில் 4 லட்சம் வரை வரி கிடையாது, அந்த வரம்பு வெளிநாட்டில் இருப்பவருக்கும் உண்டு. உங்கள் மொத்த வருமானமே 1,40,000. வரி பூஜ்யம். வங்கி 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 பிடித்தது, ஏனென்றால் என்ஆர்ஓ கணக்கில் ஒவ்வொருவரின் மொத்த வருமானத்தையும் வங்கி பார்ப்பதில்லை. பிடித்தது முன்பணம், அவ்வளவுதான். கடைசிக் கணக்கு ரிட்டர்னில்தான்.

தேக்கா ராஜா:
அந்தக் குழுவில் சொன்னது நான்தான். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. வட்டிக்கு 15 சதவீதம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு நாட்டு அரசும் கையெழுத்துப் போட்டதை கணக்கர் பூஜ்யம் என்று அழிக்கிறார். வங்கியிலும் 15 என்றுதான் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் கணக்கர்:
ராஜா, 15 என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் இந்தியா வாங்கக் கூடாது என்று அர்த்தம், அதை வாங்கியே தீர வேண்டும் என்று அல்ல. வருமான வரிச் சட்டம் பிரிவு 90(2)-ஐப் படியுங்கள். ஒப்பந்தம், உள்நாட்டுச் சட்டம், இரண்டில் எது வரி கட்டுபவருக்குச் சாதகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். இங்கே சட்டப்படி பூஜ்யம், ஒப்பந்தப்படி 15. எதை எடுப்பீர்கள்?

தேக்கா ராஜா:
15 என்று எழுதியிருக்கிறதா இல்லையா? அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

செங்காங் அம்மா:
இவ்வளவு சண்டை எதற்கு? கும்பகோணத்தில் எங்கள் அம்மாவுக்கு 2025 ஏப்ரலிலேயே 15எச் படிவம் கொடுத்துவிட்டோம், வங்கி ஒரு பைசா பிடிக்கவில்லை. மீனாவும் அப்போதே 15ஜி கொடுத்திருந்தால் ரிட்டர்னே வேண்டாம். அதுவும் இப்போது 12 லட்சம் வரை வரியே இல்லை என்று பட்ஜெட்டில் அறிவித்தார்களே.

உட்லண்ட்ஸ் கணக்கர்:
அக்கா, உங்கள் அம்மா ஊரில் வசிப்பவர். 15ஜி, 15எச் இரண்டும் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். மீனா கொடுத்திருந்தால் அது பொய் உறுதிமொழி ஆகியிருக்கும். 12 லட்சம் என்பது 87ஏ தள்ளுபடி, அதுவும் வசிப்பவருக்குத்தான். மீனாவைக் காப்பாற்றுவது 4 லட்ச வரம்பு. வட்டி 5 லட்சம் என்றால் மீதி ஒரு லட்சத்துக்கு 5 சதவீதம் கட்டத்தான் வேண்டும், ஊரில் இருப்பவர் கட்ட வேண்டாம்.

தேக்கா ராஜா:
பாருங்கள், சிங்கப்பூரில் இருப்பவருக்கு வேறு சட்டம் என்று இவரே ஒத்துக்கொள்கிறார். வேறு சட்டம் என்றால் 15.

உட்லண்ட்ஸ் கணக்கர்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. போன வருடம் பிராவிடண்ட் பண்ட் திரியிலும் இதே மாதிரி என் வாயில் வார்த்தையைத் திணித்தீர்கள், நான் மறக்கவில்லை.

மீனாம்மா, இதைக் கவனியுங்கள். ராஜா சொல்வதை நம்பி ரிட்டர்ன் போட்டால் பணம் நிஜமாகவே போகும். incometax.gov.in-ல் `ITR-2` எடுங்கள். `ITR-1` உங்களுக்குக் கிடையாது, வசிப்பவருக்குத்தான். முதல் பக்கத்தில் வசிப்பு நிலை Non-resident, நாடு சிங்கப்பூர். வரி எண் கேட்கும் இடத்தில், இங்கே வரி எண் தரப்படவில்லை என்றால் பாஸ்போர்ட் எண்.

அடுத்து `Schedule OS`. டெபாசிட் வட்டி என்ற சாதாரண வரியில் 1,40,000 போடுங்கள். அதே பக்கத்தில் கீழே, ஒப்பந்த விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானம் என்று ஒரு பகுதி இருக்கும். நாடு, ஒப்பந்தப் பிரிவு, விகிதம், வசிப்புச் சான்றிதழ் உண்டா என்றெல்லாம் கேட்கும். சிங்கப்பூரில் இருக்கிறோமே என்று பலரும் அங்கே போய் 15 போடுகிறார்கள். போட்ட உடனே அந்தத் தொகை `Schedule SI`-க்குப் போய்விடும். சிறப்பு விகித வருமானத்துக்கு வெளிநாட்டில் வசிப்பவர் 4 லட்ச வரம்பைப் பயன்படுத்த முடியாது. வரி குறைந்தது 21,000. திரும்ப வருவது அதிகபட்சம் 22,680. மீதியை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கவில்லை, நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். சமர்ப்பிக்கும் முன் `Schedule SI` காலியா என்று பாருங்கள். அங்கே ஒரு எண் தெரிந்தால் தப்பான இடத்தில் போட்டிருக்கிறீர்கள்.

தேக்கா ராஜா:
அரசாங்கமே அந்தப் பகுதியை வைத்திருக்கிறது. எதற்கு வைத்தது? 15 போடத்தான்.

உட்லண்ட்ஸ் கணக்கர்:
வருமானம் பெரிதாகி 30 சதவீதப் படியில் இருப்பவருக்காக வைத்தது. அவருக்கு 15 லாபம். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. இந்திய-சிங்கப்பூர் ஒப்பந்தம் 24-ஆவது பிரிவைப் படித்தீர்களா? இங்கே கொண்டுவந்தால்தான் வரி என்று இருக்கும் வருமானத்துக்கு, கொண்டுவந்த அளவுக்குத்தான் அங்கே சலுகை. வட்டியை என்ஆர்ஓ கணக்கிலேயே வைத்திருப்பவருக்கு அந்த 15-ஐயே மறுக்க இடமிருக்கிறது.

தேக்கா ராஜா:
24-ஆவது பிரிவு வேறு, வட்டிக்கான 11-ஆவது பிரிவு வேறு. 11-இல் 15 என்றுதான் இருக்கிறது. அதோடு, வசிப்புச் சான்றிதழையும் 10எஃப் படிவத்தையும் வங்கியில் கொடுத்திருந்தால் முதலிலேயே 15தான் பிடித்திருப்பார்கள். 43,680-க்குப் பதில் 21,000. அதையாவது மறுப்பீர்களா?

உட்லண்ட்ஸ் கணக்கர்:
பிடித்தத்தில் குறைந்திருக்கும், அதை நான் எங்கே மறுத்தேன்? ஆனால் சான்றிதழ் இங்கே காலண்டர் வருடத்துக்கு வரும், ஊரில் ஏப்ரல் முதல் மார்ச். வங்கி பெரும்பாலும் இரண்டு வருடச் சான்றிதழ் கேட்கும். அப்படிப் பிடித்த 21,000-ஐயும் ரிட்டர்ன் போட்டு முழுசாகத் திரும்ப வாங்கலாம். நீங்கள் பிடித்தத்தையும் வரியையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள்.

ஜூரோங் வாசகன்:
இரண்டு பேரும் 15-லேயே நிற்கிறீர்கள். யாருமே முக்கியமானதைக் கேட்கவில்லை. அந்த 20 லட்சம் யார் பணம், சகோதரி?

புங்கோல் மீனா:
12 லட்சம் அம்மா எனக்குக் கொடுத்தது. 8 லட்சம் இவர் சம்பளத்திலிருந்து என் பெயரில் போட்டது. அது முக்கியமா?

ஜூரோங் வாசகன்:
மிக முக்கியம். கணவர் மனைவிக்குச் சும்மா கொடுத்த பணத்தில் வரும் வட்டி, பிரிவு 64-இன்படி கணவர் வருமானத்தோடு சேரும். அம்மா கொடுத்ததற்கு அது கிடையாது. ஆக 84,000 உங்களுடையது, அதற்கான பிடித்தம் 26,208. மீதி 56,000 அவருடையது, பிடித்தம் 17,472. எல்லாவற்றையும் உங்கள் ரிட்டர்னில் காட்டுவது சரியல்ல.

செங்காங் அம்மா:
டெபாசிட் யார் பெயரிலோ வட்டி அவருடையதுதான். பான் எண்ணே மீனாவுடையது. குடும்பத்துக்குள் இப்படிப் பிரித்துப் பேசுவது நன்றாகவா இருக்கிறது?

ஜூரோங் வாசகன்:
அம்மா, பெயரைச் சட்டம் பார்ப்பதில்லை, பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறது.

உட்லண்ட்ஸ் கணக்கர்:
வாசகன் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் கணவரின் சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. அங்கே வேறு வருமானம் இல்லையென்றால் அவரும் 4 லட்சத்துக்குள். இரண்டு பேருக்கும் பூஜ்யம், மொத்தத்தில் அதே 43,680. நான் சொன்ன கணக்கு மாறவில்லை.

ஜூரோங் வாசகன்:
தொகை மாறாது, ரிட்டர்ன் மாறும். அவர் `Schedule SPI`-இல் காட்ட வேண்டும், 37பிஏ விதிப்படி வங்கிக்கு உறுதிமொழி கொடுத்து அந்தப் பிடித்தத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். ஊரில் அவருக்கு வாடகை வந்தால் உங்கள் "அதே கணக்கு" நிற்காது. முதலில் கேட்காமல் 43,680 என்று அடித்தது நீங்கள்.

உட்லண்ட்ஸ் கணக்கர்:
கேள்வியில் என்ன இருந்ததோ அதற்குப் பதில் சொன்னேன்.

மீனாம்மா, பணம் நிற்பது பெரும்பாலும் சட்டத்தில் இல்லை, சின்ன விஷயத்தில். மார்ச் வரையான பிடித்தக் கணக்கைத் தாக்கல் செய்ய வங்கிக்கு மே 31 வரை நேரம். அதனால் ஜூன் பாதிக்கு முன் போடாதீர்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்-இல் நான்கு காலாண்டும் வந்து 43,680 காட்டுகிறதா பாருங்கள். பிறகு `Schedule TDS`-இல் இந்த வருடம் கோரும் தொகை என்ற கட்டத்தை நிரப்புங்கள். முன்பே நிரம்பியிருக்கிறது என்று விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் ரீபண்ட் 0 என்று பார்த்து அலறுபவர்கள் அதிகம்.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு இதுதான் தலைவலி. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், வங்கியில் வெறும் இன்ஷியல் இருக்கும். கணக்கைச் சரிபார்க்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று தள்ளிவிடும். ரிட்டர்ன் போடும் முன்பே என்ஆர்ஓ கணக்கை Validate செய்து பாருங்கள். பொருந்தவில்லை என்றால் வங்கியில் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். ஆதாரோடு இணைக்காத பான் என்றால், தளத்தில் உங்கள் வசிப்பு நிலை Non-resident என்று இருக்கிறதா பாருங்கள். பான் செயலிழந்து கிடந்தால் ரீபண்ட் வராது.

ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். ஊர் சிம் இல்லாமல் ஆதார் ஓடிபி வராது. வங்கியின் நெட்பேங்கிங் வழியாகத் தளத்துக்குள் போனால் ஓடிபி இல்லாமலே முடியும். ஜூலை 31 தவறினாலும் டிசம்பர் 31 வரை போடலாம். 4 லட்சத்துக்குள் வருமானம் என்பதால் தாமதக் கட்டணமும் இல்லை.

தேக்கா ராஜா:
இவ்வளவு எழுதினீர்கள், 15 எங்கே போனது என்று மட்டும் சொல்லவில்லை.

உட்லண்ட்ஸ் கணக்கர்:
90(2). நான்காவது முறை கேட்டாலும் 90(2).

புங்கோல் மீனா:
இவருக்கு ஊரில் ஒரு வீட்டு வாடகை வருகிறது, மாதம் 18,000. அப்போது அந்த 56,000?

ஜூரோங் வாசகன்:
வருடம் 2,16,000. வீட்டு வரி கட்டாவிட்டாலும் 30 சதவீதக் கழிவு போக 1,51,200. அதோடு 56,000 சேர்த்தால் 2,07,200. இன்னும் 4 லட்சத்துக்குள்தான். ஆனால் அவர் ரிட்டர்னில் வர வேண்டும், உங்களதில் அல்ல.

உட்லண்ட்ஸ் கணக்கர்:
ஆக வரி பூஜ்யம் என்று நான் முதலில் சொன்னதுதான்.

ஜூரோங் வாசகன்:
யார் ரிட்டர்னில் என்று நீங்கள் சொல்லவில்லை.

தேக்கா ராஜா:
வாடகை வேறு, வட்டி வேறு. வட்டிக்கு 15.