இழை: லேட்டரல் திங்கிங் புதிருக்குத் தமிழில் என்ன பெயர்?

மெய்யம்மை (தேவகோட்டை):
எங்கள் நூலகத்தின் பிள்ளைகள் இதழுக்குப் புதிர்ப் பக்கம் தயார் செய்கிறேன். விடை கேட்டதும் "இதென்ன கூத்து" என்று தோன்றி, அடுத்த நிமிடமே "அட, ஆமாம்!" என்று ஆகுமே, அந்த வகைக் கேள்விகளுக்குத் தலைப்பு வேண்டும். 1967இல் எட்வர்ட் டி போனோ கொடுத்த பெயரை 'பக்கவாட்டுச் சிந்தனை' என்று ஆக்கியிருக்கிறோம். ஆனால் 'பக்கவாட்டுப் புதிர்' என்று போட்டால் பிள்ளைகள் தாளைத் திருப்பிப் பிடித்துப் படிப்பார்கள். என் யோசனை 'இடக்குப் புதிர்'. வேறு ஏதாவது?

பழனியப்பன் (கோட்டையூர்):
இதற்குப் புதுச் சொல் எதற்கு, ஆச்சி? விடுகதைதானே. தொல்காப்பியத்திலேயே 'பிசி' இருக்கிறது. எங்கள் ஐயா திண்ணையில் உட்கார்ந்து போடுவார்: "கிள்ளலாம், அள்ள முடியாது, அள்ளலாம், கிள்ள முடியாது" என்று ஏதோ வரும். விடை தண்ணீரா, மாவா என்று இப்போது மறந்துவிட்டது. அதையே போடுங்கள்.

சேதுராமன் (காரைக்குடி):
அண்ணன் சொல்வது வேறு சரக்கு. விடுகதை ஒரு பொருளை இன்னொன்றாக வேடமிட்டுக் காட்டும். மெய்யம்மை கேட்கும் வகையில் வேடமே கிடையாது. எல்லா வாக்கியமும் நேர்ப்பொருளில் உண்மை. ஏமாறுவது கேட்பவர் தானாகச் சேர்த்துக்கொண்ட ஒன்றால். 'இடக்குப் புதிர்' எனக்குச் சம்மதம். ஆனால் அதைவிட அவசரமாகப் பெயர் வேண்டியது, கேட்பவர் தானாகச் சேர்த்துக்கொள்ளும் அந்த ஊகத்துக்கு. புதிரை அங்கிருந்துதான் கட்டுகிறோம், கேள்வியிலிருந்து அல்ல.

நான் கட்டிய ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக வெளியே இறங்கித்தான் ஆக வேண்டும் என்று எல்லாரும் தானாக நினைத்துக்கொள்வார்கள். உடைக்க வேண்டியது அதை. முதலில் இப்படி எழுதினேன்:

"மழை கொட்டுகிறது. குடையில்லாமல் ஒருவர் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போனார். சட்டை நனையவில்லை. எப்படி?"

தனித்தனியாகச் சிலரிடம் கேட்டேன். ஒருவர் 'கார்' என்றார், ஒருவர் 'மழைக்கோட்டு'. ஒரு பையன் "சட்டையே போடவில்லை" என்றான்! அவன் விடை என் விடைக்குச் சமமாகப் பொருந்துகிறது, கூத்தும் அதிகம். அப்படி வந்தால் அவனுக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டுக் கேள்வியைத்தான் திருத்த வேண்டும். இன்னொன்றும் இடித்தது. வீட்டுக்காரர் பின்வாசல் படியில் நின்றார், தெருவுக்குப் போகவில்லை. ஆக 'அடுத்த தெருவுக்குப் போனார்' என்பது பொய். திருத்தியது:

"விடாமல் மழை. முன்தெருவைப் பார்த்த தன் திண்ணையிலிருந்து எழுந்த ஒருவர், நடந்தே போய், பின்தெருவில் நின்ற காய்க்காரரிடம் கத்தரிக்காய் வாங்கி வந்தார். குடை, கோட்டு, வண்டி எதுவும் இல்லை. உடம்பில் ஒரு துளி படவில்லை."

வீட்டுக்குள்ளேயே நடந்தார், வளவைச் சுற்றிய தாழ்வாரம் வழியாக. விடையைத் தெரிந்துகொண்டு கேள்வியைத் திரும்பப் படியுங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் வேலை இருக்க வேண்டும். 'திண்ணை' விடையைத் தாங்குகிறது. 'வண்டி இல்லை' வேறு வழியை அடைக்கிறது. ஆனால் அடைப்பு கூடக் கூட, எதை ஒளிக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். இரண்டு, மூன்றுக்கு மேல் அடைக்க வேண்டியிருந்தால் அந்தப் புதிரை விட்டுவிடுவேன்.

கார்த்திகா (சென்னை, ஊர் பள்ளத்தூர்):
இது புதிரே இல்லை, சேது அண்ணன்! பள்ளத்தூரில் யாரிடம் கேட்டாலும் "வீட்டுக்குள்ள நடந்து போயிருப்பாக" என்று வாய் மூடுவதற்குள் சொல்வார்கள். இங்கே என் அடுக்குமாடிப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டேன், சுரங்கப்பாதை வரை போனார்கள். விடையைச் சொன்னதும் "அவ்வளவு நீள வீடா?" என்று சண்டைக்கு வந்தார்கள். விடை பைத்தியக்காரத்தனமாக இருக்க இருக்கப் புதிர் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சேதுராமன்:
பாதி சரி. கூத்தாகத் தோன்றுவது வேண்டும். விடை கேட்ட பிறகும் கூத்தாகவே நின்றால் புதிர் தோற்றுவிட்டது. உன் பக்கத்து வீட்டாருக்கு நடந்தது அதுதான். அந்த வீடு இருக்கிறது என்றே தெரியாதவருக்கு விடை 'அட' ஆகாது, தகவல் ஆகிவிடும். ஊர்க்காரருக்கோ உடைக்க ஊகமே இல்லை. இடையில் இருப்பவருக்குத்தான் இது புதிர்: வீட்டைப் பார்த்திருக்க வேண்டும், அதில் வாழ்ந்திருக்கக் கூடாது. லீவுக்கு மட்டும் ஊருக்கு வரும் பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்.

மெய்யம்மை:
அப்படியானால் பழைய புதிர்களும் காலாவதியாகும். அப்பாவும் மகனும் விபத்தில் சிக்க, அப்பா இறக்க, பையனுக்கு அறுவை செய்ய வந்த மருத்துவர் "இவன் என் மகன்" என்று நின்றுவிடும் புதிர். என் மகளிடம் கேட்டேன். "அம்மாதானே? இதில் என்ன இருக்கு?" என்றாள். அவள் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் பெண்கள்.

சேதுராமன்:
ஆனால் அந்தப் புதிர் தமிழில் சுலபமாக உட்காருவதைக் கவனித்தீர்களா? 'மருத்துவர் சொன்னார்' என்ற மரியாதை விகுதி ஆண், பெண்ணைத் தானே மறைத்துவிடுகிறது. திணையை மறைப்பதுதான் நமக்குக் கஷ்டம். தரையில் ராஜாவும் ராணியும் இறந்து கிடக்கும் பழைய புதிர் தெரியுமே, விடை தொட்டி மீன்கள். 'கிடந்தன' என்று எழுதினால் அஃறிணை என்று அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். 'கிடந்தார்கள்' என்றால் நாம் பொய் சொல்கிறோம். முற்று வினையையே தவிர்த்து எச்சத்தில் நிறுத்த வேண்டும்:

"ராஜாவும் ராணியும் தரையில் இறந்து கிடக்க, சுற்றிலும் ஈரமும் கண்ணாடிச் சில்லும். பூனை ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. என்ன நடந்தது?"

'கிடக்க' என்பதில் திணை, பால், எண் எதுவும் தெரியாது. மொழிபெயர்த்துப் போடும் புதிர்கள் பெரும்பாலும் இந்த விகுதியில்தான் ஒழுகுகின்றன.

பழனியப்பன்:
பூனையை எடுத்துவிட்டால் இன்னும் கடினமாகுமே?

சேதுராமன்:
ஆகும், அண்ணன். ஆனால் தொட்டி ஏன் உடைந்தது என்பதற்குக் கேள்விக்குள் பதில் இருக்காது. யாராவது "நிலநடுக்கம்" என்றால் மறுக்க முடியாது.

சரி, சொல்லுக்கு வருவோம். என் முதல் யோசனை 'மறைகோள்', கருதுகோள், எடுகோள் போல.

கார்த்திகா:
'கோள்' என்றதும் எனக்குக் கோள்மூட்டுவதுதான் ஞாபகம் வருகிறது. தவிர, மறைத்தது புதிர் போட்டவர் இல்லையே, கேட்டவர் தானே நினைத்துக்கொண்டது. 'தானூகம்'?

சேதுராமன்:
பொருள் கச்சிதம். ஆனால் 'தானியங்கி'யில் தானே இயங்குவது என்று வினை இருக்கிறது. இங்கே ஊகம் பெயர்ச்சொல், 'தன்' ஆகி 'தன்னூகம்' என்றுதான் வர வேண்டும்.

கார்த்திகா:
தன்னூகம் என்றால் 'தன்னைப் பற்றிய ஊகம்' என்று படிப்பார்கள். தானாக எழும் ஊகம் என்று விரித்தால் தானூகம் தப்பில்லை.

பழனியப்பன்:
'நெனப்பு' என்று சொன்னால் என்ன? "நெனப்புதான் பொழப்பைக் கெடுக்குது" என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மெய்யம்மை:
இதழ் அச்சுக்குப் போகிறது, தலைப்பு 'இடக்குப் புதிர்' என்றே வைத்துவிட்டேன். தானூகமா தன்னூகமா என்பதைப் புதிர் எழுதி அனுப்புவோருக்கான குறிப்பில் சேர்க்க வேண்டும், முடிவு சொல்லுங்கள். அப்புறம் சேது, உங்கள் கத்தரிக்காய்ப் புதிருக்கு என் மகள் வேறு விடை வைத்திருக்கிறாள்: மாடிக்கு நடந்து போய், பின்பக்க ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறக்கினாராம். அதுவும் வீட்டுக்குள்ளேயேதான். இதை அடைப்பதா, சரி என்று எடுத்துக்கொள்வதா?