புதுப்பிப்பு: டேஷ்கேம் வைஃபையில் கிளிப் இறக்கும்போது நெட் போவது

முன்பு நான் கேட்டது: "மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி உரசிய கிளிப்பை போனில் இறக்கினால் பாதியில் நிற்கிறது, வாட்ஸ்அப்பும் ஓடவில்லை. கேமரா பழுதா?"

கிளிப் வந்துவிட்டது, உதவிய எல்லோருக்கும் நன்றி. கேமரா பழுது இல்லை. வியாசர்பாடி அண்ணன் சொன்னதே காரணம்: கேமராவின் வைஃபை போனையும் கேமராவையும் மட்டும் இணைக்கும், வெளியே போக அதில் வழி இல்லை. அதனால் வாட்ஸ்அப் நிற்கிறது. அதே நேரம் மொபைல் டேட்டா ஆனில் இருந்தால், 'இந்த வைஃபையில் நெட் இல்லை' என்று போன் தானாக டேட்டாவுக்குத் தாவும். உடனே ஆப்புக்கு கேமரா கிடைக்காது, டவுன்லோடு அறுந்துவிடும்.

ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யச் சொன்ன யோசனை பாதி சரி. டவுன்லோடு நடக்கும், ஆனால் போன்காலும் வராது. மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்து, 'இணைப்பிலேயே இருக்கவா?' என்று போன் கேட்டதும் 'ஆம்' கொடுத்தால் போதும். ஒரு நிமிடக் கிளிப், சுமார் 100 எம்பி, ஒரு நிமிடத்துக்குள் இறங்கியது. முடிந்ததும் கேமரா வைஃபையைத் துண்டித்து டேட்டாவை ஆன் செய்துதான் இன்சூரன்ஸுக்கு அனுப்ப முடிந்தது.

எதிர்பாராதது: ஆப் திறந்திருக்கும்வரை இந்தக் கேமரா ரெக்கார்டு செய்வதில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறக்குங்கள்.

மெமரி கார்டை ஃபார்மேட் செய்யச் சொன்ன தம்பி, அது வேறு கோளாறுக்கு. செய்திருந்தால் கிளிப்பே போயிருக்கும். தங்கையின் போனில் மட்டும் டேட்டா ஆனில் இருந்தும் டவுன்லோடு, வாட்ஸ்அப் இரண்டும் ஓடுகிறது. ஏனென்று தெரிந்தவர் சொல்லுங்கள்.