இழப்பு 14 லட்சம், சர்வேயர் சொல்வது 5.70 லட்சம்: இடையில் என்ன நடந்தது?

முத்துநகர் வணிகர்:
தூத்துக்குடியில் நானும் என் தம்பியும் கூட்டாக ஆயத்த ஆடைக் கடை நடத்துகிறோம். 2023 டிசம்பர் 18 அன்று கடைக்குள் மூன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டுகளில் இருந்த சரக்கு முழுவதும் போயிற்று. விலைச்சீட்டுப்படி அதன் மதிப்பு 14 லட்சம். சரக்குக்கு 30 லட்சத்துக்குப் பாலிசி எடுத்திருக்கிறோம். ஆனால் இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் 5,70,000 ரூபாய் என்று எழுதி, அதற்குச் சம்மதக் கடிதம் கேட்கிறார். 30 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவனுக்கு 14 லட்சத்தைத் தர மறுப்பது எந்த விதத்தில் நியாயம்? எதுவரை பேரம் பேசலாம்?

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்:
காப்பீட்டுத் தொகை என்பது நிறுவனம் தரக்கூடிய உச்சவரம்பு மட்டுமே. கேட்டதையெல்லாம் தருவதாக அதில் எவரும் கையெழுத்திடவில்லை. மேலும், விலைச்சீட்டில் இருப்பது நீங்கள் விற்க நினைத்த விலை. அதில் உங்கள் இலாபமும் அடங்கியிருக்கிறது. சரக்குக் காப்பீடு நீங்கள் வாங்கிய விலையைத்தான் ஈடு செய்யும். சர்வேயர் உரிமம் பெற்ற தனி மதிப்பீட்டாளர்; நிறுவனத்தின் ஊழியர் அல்லர். அவரிடம் பேரம் பேச இது காய்கறிச் சந்தை அன்று. முப்பது ஆண்டுப் பணியில், இரண்டு மடங்கு கேட்டால் பாதியாவது கிடைக்கும் என்று வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்குக்காரி:
ஒரு சர்வேயர் அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகள் மதிப்பீட்டுத் தாள் தயாரித்தவள் நான். வாங்கிய விலைதான் அடிப்படை என்று ஐயா சொல்வது சரி. ஆனால் சர்வேயர் சொன்ன தொகை வானத்திலிருந்து விழுவதில்லை; ஒவ்வொரு வரியாகக் கழித்துத்தான் அங்கே வந்து சேர்கிறது. மொத்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் அவர் அசைய மாட்டார். எந்த வரி தவறு என்று காட்டினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பாக மதிப்பீட்டுத் தாளை மின்னஞ்சலில் கேளுங்கள். வந்ததும் இங்கே எழுதுங்கள்.

முத்துநகர் வணிகர்:
இரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது. விலைச்சீட்டு மதிப்பு 14,00,000. எங்கள் வியாபாரக் கணக்கின்படி இலாபம் 25 சதவீதம் என்று கழித்து 10,50,000. நனைந்த சரக்கை விற்றால் கிடைக்கும் தொகை, அதாவது சால்வேஜ், 20 சதவீதம் என்று கழித்து 8,40,000. அதற்குப் பிறகுதான் எனக்குப் புரியாத வரி வருகிறது: "வெள்ளத்தன்று சரக்கின் மொத்த மதிப்பு 42,00,000, காப்பீடு 30,00,000, ஆகவே குறைகாப்பீடு" என்று எழுதி, தொகையை 6,00,000 ஆக்கியிருக்கிறார். கடைசியில் நாங்களே ஏற்க வேண்டிய பங்கான எக்சஸ் 5 சதவீதம் கழித்து 5,70,000.

கொங்கு ஓட்டுநர்:
இதே அநியாயம்தான் எனக்கும் நடந்தது. என் காரின் பம்பர் உடைந்தபோது பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிட்டார்கள். தேய்மானம் இல்லாத கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்தால் முழுத் தொகையும் வந்திருக்கும் என்று பிறகுதான் சொன்னார்கள். நீங்களும் அதை எடுத்திருக்க வேண்டும்.

கணக்குக்காரி:
நண்பரே, அது வாகனப் பாலிசிக்கு உரியது. சரக்குக்கு அப்படித் தேய்மானம் கழிப்பதில்லை. இவருடைய தாளிலும் தேய்மானம் என்ற வரியே இல்லை.

வணிகரே, இரண்டு கேள்விகள். அந்த 42 லட்சம் எங்கிருந்து வந்தது? உங்கள் பாலிசியின் பெயர் என்ன?

முத்துநகர் வணிகர்:
பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 42 லட்சம், கேஷ் கிரெடிட் கடனுக்காக நவம்பர் இறுதியில் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இருக்கும் தொகை. எங்கள் கணக்குப் பையன் மென்பொருளில் இருந்த விலைச்சீட்டு மதிப்பை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான் என்று இப்போதுதான் தெரிகிறது.

கணக்குக்காரி:
முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இருந்த சரக்கின் மதிப்பைவிடக் குறைவான தொகைக்குக் காப்பீடு செய்திருந்தால், அதே விகிதத்தில் இழப்பீட்டையும் வெட்டுவார்கள்; அதுதான் குறைகாப்பீடு. நனைந்த சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்ட சர்வேயர், கடையில் இருந்த மொத்தச் சரக்கை மட்டும் விற்பனை விலையில் எடுத்திருக்கிறார். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். 42 லட்சத்திலும் அதே 25 சதவீதத்தைக் கழித்தால் 31.50 லட்சம்தான் வரும்.

அது உங்கள் வாய்ச்சொல்லாக மட்டும் நிற்கக் கூடாது. வங்கித் தாளைத் தொடாமலேயே வேறொரு வழியில் நிரூபிக்க வேண்டும். 2023 மார்ச் 31 அன்று தணிக்கை செய்யப்பட்ட கணக்கில் இருந்த இருப்பு, அதோடு ஏப்ரல் முதல் டிசம்பர் 17 வரை வாங்கியது, அதிலிருந்து விற்றதன் அடக்கவிலையைக் கழித்தால் வெள்ளத்துக்கு முந்தைய நாள் இருப்பு வந்துவிடும். வாங்கியதற்கு, உங்களுக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி சாட்சி, விற்றதற்கு நீங்கள் தாக்கல் செய்த மாதாந்திரப் படிவங்கள் சாட்சி. வெள்ளத்துக்கு முன்பே தாக்கல் செய்த மாதங்களின் எண்களை யாரும் பின்னால் திருத்தியதாகச் சொல்ல முடியாது.

உங்கள் வகைப் பாலிசியில், குறைகாப்பீடு 15 சதவீதம் வரை இருந்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. 30 லட்சம் காப்பீட்டுக்கு, மொத்தச் சரக்கு ஏறத்தாழ 35 லட்சத்தைத் தாண்டாத வரை அந்த வெட்டே விழாது. அப்படி நின்றால் 8,40,000-இல் எக்சஸ் 42,000 போக 7,98,000. ஒரே வரியில் 2,28,000 ரூபாய் வேறுபாடு.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்:
எண்களின் அழகில் அம்மையார் ஒன்றை மறந்துவிட்டார். வங்கிக்குக் கொடுத்த தாளில் உரிமையாளர் கையெழுத்து இருக்கிறது. கடன் வரம்பு வாங்கும்போது 42 லட்சம், இழப்பீடு வாங்கும்போது 31 லட்சம் என்று இரண்டு நாக்கு பேசினால் எந்தச் சர்வேயரும் முதலில் எழுதியதைத்தான் நம்புவார். பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். பணம் அங்கேதான் முதலில் போகும். இவர் எழுதும் கடிதத்தின் நகல் வங்கி மேலாளரின் மேசைக்குப் போனால் கடன் வரம்பே ஆட்டம் காணலாம். சரக்கைக் கூட்டிக் காட்டி வரம்பு வாங்கும் பழக்கம் எவ்வளவு பரவலானது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கணக்குக்காரி:
மறக்கவில்லை. இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டுவது வேறு; இருந்த சரக்கைத் தவறான விலையில் எழுதியது வேறு. முதலாவதாக இருந்தால் இவருக்கு நான் துணை நிற்க மாட்டேன். இரண்டாவதுதான் என்றால் அந்த மென்பொருள் பட்டியலே அதைக் காட்டிக்கொடுக்கும்: உருப்படி எண்ணிக்கை சரியாக இருக்கும், விலை மட்டும் விலைச்சீட்டு விலையாக இருக்கும். அதை வங்கியிடம் இவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. வங்கி எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

நெல்லை வழக்காளர்:
இவ்வளவு கணக்கு எதற்கு? கொடுக்கிற 5.70 லட்சத்தைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக்குக் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். தீர்வு வவுச்சரில் கையெழுத்திட்டாலும் உரிமை போகாது என்று 1999-இலேயே அஜ்மீர் சிங் காட்டன் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சர்வேயர் அறிக்கை இறுதி வாக்கு அன்று என்று 2009-இல் பிரதீப் குமார் வழக்கிலும் சொல்லியிருக்கிறது.

கணக்குக்காரி:
இரண்டு தீர்ப்புகளும் உண்மை. ஆனால் முதலாவதைப் பாதிவரைதான் சொன்னீர்கள். கையெழுத்து மட்டுமே தடையாகாது என்று சொன்ன அதே தீர்ப்பு, மோசடியாலோ தவறான தகவலாலோ நிர்ப்பந்தத்தாலோ கையெழுத்து வாங்கப்பட்டது என்பதைக் காப்பீடு செய்தவர் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. மதிப்பீட்டுத் தாளை வாங்கிப் படித்து, தவறு எங்கே என்று தெரிந்த பிறகு, மறுப்பே எழுதாமல் கையெழுத்திட்டவர் அதைக் காட்டுவது எளிதன்று. சர்வேயர் அறிக்கையைத் தாக்கல் செய்வதற்கு முன்பே சம்மதக் கடிதம் கேட்பது, பின்னால் இந்தப் பேச்சு எழக் கூடாது என்பதற்காகத்தான். அறிக்கை போவதற்கு முன் ஒரு வரியை மாற்றுவதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். போன பிறகு மாற்றுவதற்கு மாதங்கள் ஆகும்.

ஆம்பட்ஸ்மேன் எல்லாருக்கும் திறந்த கதவும் அன்று. தனிநபர்கள், தனி உரிமையாளர் தொழில்கள், குறுந்தொழில்கள் ஆகியோரின் பாலிசிகளைத்தான் எடுப்பார்கள். வரம்பு இப்போது 50 லட்சம். அதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

முத்துநகர் வணிகர்:
எங்களுடையது கூட்டு நிறுவனம், ஆனால் உத்யம் பதிவில் குறுந்தொழில் என்றே இருக்கிறது. எங்களை எடுப்பார்களா?

நெல்லை வழக்காளர்:
குறுந்தொழில் என்ற சொல்லே போதும். எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்:
நிறுவனத்தின் தரப்பில் முதல் ஆட்சேபணையே அங்கேதான் எழும். உத்யம் சான்றை இணைத்துக் கேட்டுப் பாருங்கள்.

முத்துநகர் வணிகர்:
கணக்கைப் போட்டுவிட்டேன். மார்ச் இருப்பு 26 லட்சம், வாங்கியது 61.40 லட்சம், விற்பனை 74 லட்சம். அதன் அடக்கவிலை 55.50 லட்சம். மீதி 31.90 லட்சம். சால்வேஜ் 20 சதவீதம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. சட்டைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் அட்டை ஊறிக் கூழாகிக் கழுத்துப்பட்டியில் ஒட்டியிருக்கிறது. நீலச் சட்டையின் சாயம் அடுத்த வெள்ளைச் சட்டையில் ஏறியிருக்கிறது. பழைய துணி வியாபாரிகள் இருவரைக் கூட்டி வந்து காட்டினேன். ஒருவர் 80,000 என்றார். இன்னொருவர் 95,000 தருவதாகக் கடிதமே எழுதிக் கொடுத்தார். சர்வேயரோ 2,10,000 கழித்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்:
நீங்கள் அழைத்து வந்த வியாபாரி குறைத்துத்தான் சொல்வார். 2,10,000 அதிகம் என்றால், சரக்கை நிறுவனமே எடுத்து அந்த விலைக்கு விற்றுக்கொள்ளட்டும் என்று எழுதுங்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகு பல கோப்புகளில் சால்வேஜ் எண் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: 25 சதவீத இலாபம் என்பது தீபாவளித் தள்ளுபடியும் சேர்ந்த சராசரி. தள்ளுபடி இல்லாத விலைச்சீட்டில் உங்கள் இலாபம் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அப்படியானால் நனைந்த சரக்கின் அடக்கவிலை 10.50 லட்சத்துக்கும் கீழே போகும். அதைச் சர்வேயர் கவனிக்கவில்லை என்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

கணக்குக்காரி:
ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. கொள்முதல் பில்களை உருப்படிவாரியாக இப்போதே எடுத்து வையுங்கள். அவர் கேட்டால் சராசரியை விட்டுவிட்டு அவற்றைக் காட்ட வேண்டியிருக்கும்.

முற்றிலும் அழிந்து குப்பைக்குப் போகும் துணிகளுக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கு ஈடாக நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த வரி உங்கள் இழப்புதான், அதையும் கேளுங்கள். சால்வேஜாக விற்கப்படும் துணிகளுக்கு இது பொருந்தாது. வரியை இழப்பில் சேர்த்தால் மொத்தச் சரக்கு மதிப்பிலும் சேர்க்க வேண்டும். 5 சதவீதம் கூட்டினாலும் 33.50 லட்சம் அளவில்தான் நிற்கும், 35-ஐத் தாண்டாது.

முத்துநகர் வணிகர்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மொத்த மதிப்பை வியாபாரக் கணக்கின்படி எடுக்கச் சர்வேயர் ஒப்புக்கொண்டார். தணிக்கையாளரின் சான்று கேட்டிருக்கிறார். சால்வேஜை 1,50,000 ஆக்குவதாகச் சொல்கிறார், அதற்குக் கீழே இறங்கவில்லை. இப்போதைய கணக்கில் 8,55,000 வருகிறது. வரியைப் பற்றிப் பதிலே இல்லை. உருப்படிவாரிப் பில் கேட்டிருக்கிறார். அதில் ஐயா பயமுறுத்தியபடி எதுவும் குறையுமா என்று தம்பி இரவெல்லாம் பில் அடுக்கிக்கொண்டிருக்கிறான். வங்கிக்கு நாளை நானே போகிறேன்.