தொலைக்காட்சியைப் போட்டவுடன் செட் டாப் பெட்டியே வர வேண்டும்: உதவி தேவை

ஈசூன்_மகள்:
அம்மாவுக்கு 78 வயது, ஈசூனில் தனியாக இருக்கிறார். புதிதாக வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் தொலைக்காட்சியைப் போட்டால் செயலிகளும் விளம்பரங்களும் நிறைந்த முகப்புத் திரைதான் வருகிறது. அவருக்கு வேண்டியதோ HDMI 1-இல் இருக்கும் செட் டாப் பெட்டியின் தமிழ் ஒளிவழிகள் மட்டுமே. அதற்கான அமைப்பை மாற்றிவிட்டேன், ஆனாலும் மறுநாள் காலையில் பழைய கதைதான். தினமும் எனக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பொங்கோல்வாசி:
எந்த நிறுவனத்தின் தொலைக்காட்சி, எந்த அமைப்பை மாற்றினீர்கள் என்று சொல்லாமல் யாரும் உதவ இயலாது.

தெம்பனிஸ்_தம்பி:
அக்கா, இது மிகவும் எளிது. அமைப்புகளில் Autorun Smart Hub என்பதை அணைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை அணைத்த நாளிலிருந்து கடைசியாகப் பார்த்த உள்ளீடுதான் வருகிறது.

நீண்டநாள்_உறுப்பினர்:
தம்பி சொல்வது சாம்சுங் பெட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். இதுபோன்ற கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது, தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. தங்குவிடுதி அறைகளில் தொலைக்காட்சி எப்போதும் ஒரே ஒளிவழியில் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கென்று ஹோட்டல் மோடு இருக்கிறது. அதற்குள் சென்று தொடக்க உள்ளீட்டை HDMI 1 என்று வைத்தால் வேலை முடிந்தது. கையேட்டைப் படிப்பவர்களுக்கு இது தெரியும்.

ஈசூன்_மகள்:
கூகல் டிவி உள்ள பெட்டி. Settings, System, Power & Energy என்று சென்று, Power on behavior என்பதில் Last used input-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நான் அங்கிருந்து ரிமோட்டால் அணைத்துப் போட்டுப் பார்த்தபோது சரியாக HDMI 1-க்கே வந்தது. காலையில்தான் மாறிவிடுகிறது.

பழுதுபார்ப்பவர்:
சகோதரி, விடை உங்கள் கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மா இரவில் தொலைக்காட்சியை எதனால் அணைக்கிறார், ரிமோட்டாலா, சுவரிலுள்ள சுவிட்சாலா? காலையில் அவர் போடும்போது முதலில் நிறுவனத்தின் சின்னமும் பிறகு கூகல் டிவி சின்னமும் வந்து, அரை நிமிடம்போலக் காத்திருக்க வேண்டியிருக்கிறதா, அல்லது ஓரிரு நொடிகளில் படம் வந்துவிடுகிறதா? இதை அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஹோட்டல் மோடு பற்றி ஒரு வார்த்தை. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பல பெட்டிகளில் அது இருப்பதே இல்லை. இருக்கும் பெட்டிகளிலும் அமைப்புகளைப் பூட்டுவது, ஒலியளவுக்கு வரம்பு வைப்பது என்று வேறு சிலவற்றையும் அது சேர்த்தே மாற்றிவிடும். தொலைவிலிருக்கும் வயதானவரின் பெட்டியில் அதைத் தொட நான் துணியமாட்டேன்.

சுவா_சூ_காங்_அப்பா:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு உள்ளீடு வேண்டாம், போட்டவுடன் மீவாட்ச் செயலி திறந்து வசந்தம் வர வேண்டும். எங்களுடையதும் கூகல் டிவிதான். Last used input வைத்தும் செயலி திறக்கவில்லையே?

பழுதுபார்ப்பவர்:
அந்தத் தெரிவு HDMI, ஆண்டெனா போன்ற உள்ளீடுகளுக்கானது. செயலியை அது உள்ளீடாகக் கருதுவதில்லை. Launch on Boot என்ற செயலியை நிறுவி அதில் மீவாட்சைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதல், மற்றச் செயலிகளின் மேல் தோன்றும் அனுமதி இல்லாவிட்டால் அது பின்னணியிலிருந்து எதையும் திறக்க முடியாது. அந்த அனுமதிக்கான பக்கம் சில தொலைக்காட்சிகளின் அமைப்புகளில் காணப்படாது. அப்போது டெவலப்பர் தெரிவுகளைத் திறந்து, கணினியிலிருந்து இந்த ஒரு கட்டளையை அனுப்ப வேண்டும்:

```
adb shell appops set news.androidtv.launchonboot SYSTEM_ALERT_WINDOW allow
```

ஆனால் உங்களுக்கு வேண்டியது வசந்தம் மட்டும் என்றால் இவ்வளவு சுற்றத் தேவையில்லை. அது ஆண்டெனாவிலேயே இலவசமாகக் கிடைக்கும் ஒளிவழி. பெட்டியில் DVB-T2 வசதி இருந்தால் ஓர் உள்ளரங்க ஆண்டெனாவைச் செருகி, அந்த உள்ளீட்டில் விட்டு அணையுங்கள்.

ஈசூன்_மகள்:
அம்மாவிடம் கேட்டேன். இரவில் சுவர் சுவிட்சைத்தான் அணைக்கிறாராம். காலையில் சின்னங்கள் இரண்டும் வருகின்றன.

பழுதுபார்ப்பவர்:
அதுதான் காரணம். ரிமோட்டால் அணைத்தால் பெட்டி உறங்குகிறது, எழும்போது எந்த உள்ளீட்டில் இருந்தோம் என்பதை நினைவில் வைத்திருக்கிறது. சுவரில் அணைத்தால் காலையில் கணினியைப்போல் முழுதாகத் தொடங்குகிறது. நான் பார்த்த பல பெட்டிகளில், முழுத் தொடக்கத்தின்போது இந்தத் தெரிவு மதிக்கப்படாமல் முகப்புத் திரையே வருகிறது.

இரண்டு பெட்டிகளுக்கும் மின்சாரத்தை விட்டுவைத்து, ரிமோட்டால் மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். கூடவே தொலைக்காட்சியில் HDMI-CEC-ஐயும் இயக்கிவையுங்கள். அந்த வசதியுள்ள செட் டாப் பெட்டியாக இருந்தால், அதன் ரிமோட்டை அழுத்தியதும் அதே கேபிள் வழியாகத் தொலைக்காட்சியை எழுப்பித் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். அம்மாவுக்கு ஒரே ரிமோட் போதும். சுவரில் அணைக்கும் வீட்டில் இதுவும் சில நேரம் தவறும். செட் டாப் பெட்டி முந்திக்கொண்டு செய்தி அனுப்பும் வேளையில் தொலைக்காட்சி இன்னும் சின்னத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அது கேட்காமல் போன செய்தி மறுபடி வராமலும் போகலாம்.

நீண்டநாள்_உறுப்பினர்:
சுவரில் அணையுங்கள் என்றுதான் தேசியச் சுற்றுப்புற வாரியமே சொல்கிறது. நல்ல பழக்கமுள்ள மூதாட்டியை நீங்கள் கெடுக்கிறீர்கள்.

பொங்கோல்வாசி:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். உறங்கும் தொலைக்காட்சி அரை வாட் எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 4.4 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் ஒன்றரை வெள்ளிகூட ஆகாது. ஓர் அம்மா தினமும் தடுமாறாமல் இருக்க அது பெரிய விலையா?

நீண்டநாள்_உறுப்பினர்:
செட் டாப் பெட்டியைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள். உறங்கும்போதே 10 வாட் எடுக்கும் பெட்டிகள் இருக்கின்றன. நாள் முழுவதும் விட்டால் ஆண்டுக்கு 87 யூனிட்டுக்கு மேல், அதாவது 26 வெள்ளி.

பழுதுபார்ப்பவர்:
ஐயா சொல்லும் கணக்கு சரி, அந்தச் செலவு செட் டாப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆகவே தொலைக்காட்சியை ஒரு சுவிட்சிலும் செட் டாப் பெட்டியை வேறொரு சுவிட்சிலும் செருகி, பின்னதை மட்டும் இரவில் அணைக்கலாம். காலையில் தொலைக்காட்சி HDMI 1-க்கு வந்துவிடும். செட் டாப் பெட்டி தயாராகும்வரை ஓரிரு நிமிடம் சமிக்ஞை இல்லை என்று திரை சொல்லும், அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தெம்பனிஸ்_தம்பி:
சமிக்ஞை இல்லாவிட்டால் சில பெட்டிகள் தாமாகவே முகப்புக்குத் திரும்பிவிடுமே, அண்ணா?

பழுதுபார்ப்பவர்:
அப்படிச் செய்யும் பெட்டிகளும் உண்டு, தம்பி. போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஈசூன்_மகள்:
சனிக்கிழமை சென்று இரண்டையும் மின்சாரத்திலேயே விட்டுவந்தேன். நேற்றும் இன்றும் காலையில் நேராகத் தமிழ் ஒளிவழிக்கே வந்ததாம். CEC-ஐ இயக்கியும் செட் டாப் பெட்டியின் ரிமோட்டுக்குத் தொலைக்காட்சி எழவில்லை, அதனால் இரண்டு ரிமோட்டுகள்தான். தனிச் சுவிட்சை இன்னும் முயலவில்லை. அனைவருக்கும் நன்றி.

பழுதுபார்ப்பவர்:
செட் டாப் பெட்டியின் சொந்த அமைப்புகளிலும் CEC தனியாக அணைக்கப்பட்டிருக்கலாம். அடுத்த முறை செல்லும்போது அங்கேயும் பாருங்கள். அதன் மாடல் எண்ணை எழுதினால் நானும் தேடிச் சொல்கிறேன்.

சுவா_சூ_காங்_அப்பா:
ஆண்டெனாவை எந்த ஜன்னல் பக்கம் வைத்தால் நல்லது? எங்கள் வீடு மூன்றாவது மாடி.