‘விண்டோ பீரியட்’: சாளரமா, காலதரா, சிக்காக் காலமா?

மொழிபெயர்ப்பாளர், கோவை:
அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் 1 தன்னார்வ இரத்ததான நாள் முகாமுக்காகக் கொடையாளர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது. கிருமி உடம்புக்குள் வந்துவிட்டது, சோதனையில் இன்னும் தெரியவில்லை. அந்த நாள்களை ‘விண்டோ பீரியட்’ என்கிறார்கள். பழைய கையேட்டில் ‘சாளரக் காலம்’ என்றிருக்கிறது. நாலு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு பேர், “இரத்த வங்கி திறந்திருக்கிற நேரமுங்களா?” என்றார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோபி:
சாளரத்தின்மேல் பழி போடவேண்டாம். சிலம்பில் தென்றல் நுழைவதே ‘கோலச் சாளரக் குறுங்கண்’ வழியாகத்தான். சன்னல்தான் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. ஆனால் இரண்டையும்விடச் செறிவான சொல் நம்மிடம் உண்டு: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றைப் போலவே கிருமியும் அரவமில்லாமல் நுழைகிறது. ‘காலதர்க் காலம்’ என்று வைத்துப் பாருங்கள், மோனையும் வாய்க்கிறது.

இரத்த வங்கி டெக்னீசியன், ஈரோடு:
ஐயா, மோனை நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இது நுழையற காலம் இல்லீங்க, நுழைஞ்சு உள்ளே உட்கார்ந்த பிறகு வர்ற காலம். சன்னல்னாலே அதன் வழியாப் பார்க்கலாம்னுதான் யாருக்கும் தோணும். இங்கே பார்க்க முடியாததுதான் சங்கதியே.

ஒரு கணக்குச் சொல்றேன். ஒருத்தருக்கு செப்டம்பர் 19-ல எச்.ஐ.வி. தொற்றுது. அக்டோபர் 1 முகாமில் 350 மில்லி கொடுக்கிறார். அன்னிக்கு 12-ஆவது நாள். உடம்பு உண்டாக்கற எதிர்பொருளை மட்டும் பார்க்கற எலிசாவுக்கு ஏறக்குறைய மூணு வாரம் ஆகணும். கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கற புது எலிசாவுக்கும் இரண்டு வாரத்துக்கு மேலே வேணும். ரெண்டுமே ‘இல்லை’ன்னுதான் காட்டும். கிருமியின் மரபணுவையே தேடற நாட் சோதனை ஏறக்குறைய 10, 11 நாள்லயே பிடிக்கும். அதுவும் ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாப் போட்டாத்தான். பல பேர் மாதிரியை ஒண்ணாக் கலந்து போட்டா, நீர்த்துப் போய் நழுவிடலாம். அவரே செப்டம்பர் 25-ல கொடுத்திருந்தா, நாட் சோதனைக்கும் தெரியாமப் போகலாம்.

ஆக, இந்தக் காலத்தோட நீளம் நோயைப் பொறுத்தது மட்டும் இல்லை, நாம போடற சோதனையையும் பொறுத்தது. அதே ஆள், அதே நாள். ஒரு வங்கியில் தப்பிச்சது இன்னொரு வங்கியில் பிடிபடும். நம்ம நாட்டில் நாட் சோதனையைச் சட்டம் கட்டாயமாக்கலை. அதனால சொல்லுக்குள்ள சோதனை இருக்கணுமுங்க.

பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்:
இதுக்கு எதுக்குங்க புதுச் சொல்லு? ஒருதடவை கொடுத்தா 90 நாள் கழிச்சுத்தானே மறுபடி கொடுக்கச் சொல்றாங்க. அந்த 90 நாள்தானே இது? ‘இடைவெளிக் காலம்’னு போட்டுட்டுப் போலாமே. நான் போன மாசம் கையில் பச்சை குத்தினேன், அதுக்கும் இதே 90 நாள்தானுங்களே?

இரத்த வங்கி டெக்னீசியன், ஈரோடு:
தம்பி, ரெண்டும் வேற. ஆம்பளைங்களுக்கு 90 நாள், பொம்பளைங்களுக்கு 120 நாள்ங்கறது, போன இரத்தமும் இரும்புச்சத்தும் ஊறி வர்றதுக்கு. சந்தேகம் உள்ளவங்களை மூணு மாசம் கழிச்சு மறுபடி எச்.ஐ.வி. பார்க்க வரச் சொல்வாங்க, அதைத்தான் நீங்க கலந்துட்டீங்க. பச்சை குத்தினவங்க 12 மாசம் கொடுக்கக் கூடாது. ஊசி வழியா வர்ற ஹெபடைட்டிஸ் சி-க்கு, எதிர்பொருள் சோதனையில் தெரியவே ரெண்டு மாசத்துக்கு மேலே ஆகலாம். இந்த அக்டோபர் முகாமை விட்டுருங்க.

மஞ்சள் விவசாயி, சிவகிரி:
எங்க பக்கம் மஞ்சள் நட்டா மூணு வாரம் போல மண்ணுக்கு மேலே ஒண்ணும் தெரியாது. கிழங்கு உள்ளே வேலையை ஆரம்பிச்சிருக்கும். ‘முளைமறைவுக் காலம்’னு சொன்னா எந்தத் தோட்டத்துக்காரனுக்கும் விளங்குமே.

தமிழாசிரியர், கோபி:
அருமை! முளை, முகை, முகிழ், முகில்: மூடிக்கிடப்பதும் மூடி விரிவதுமான பொருள் இந்த வேரெல்லாவற்றிலும் ஓடுகிறது. முகத்தையும் இதில் சேர்க்கலாம் என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஆலோசகர், பொள்ளாச்சி:
எழுதுங்க ஐயா, ஆனா கையேட்டில் வேண்டாம். முளை வெளியே தெரியறதுன்னா, நோய்க்குறி தெரியறதுன்னு எடுத்துக்குவாங்க. அது நோயரும்பு காலம். எச்.ஐ.வி.யில் நோய்க்குறி வர வருசக்கணக்காகலாம். சோதனையில் தெரிய சில வாரம்தான். “எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே”ன்னு வந்து நிக்கறவங்களுக்கு இந்தச் சொல் இன்னும் தைரியம் கொடுத்துடும்.

சோதனைக்குத் தெரியாத அந்த நாள்ல எங்களுக்குக் கையில் இருக்கறது கேள்வித்தாள் மட்டும்தான். அதன் நிலைமை என்னன்னா, முகாமில் என் மேசைக்கு அடுத்த மேசையில் பிஸ்கட்டும் ஜூஸும் இருக்கும். நண்பர்கள் அங்கே நின்னு இவரையே பார்ப்பாங்க. இவர் பேனாவை எடுத்து, எல்லாக் கேள்விக்கும் சேர்த்து ‘இல்லை’ கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு இழுப்பார். அப்படிக் கோடு வந்தா தாளை வாங்கி வெச்சுட்டு, தட்டி மறைவுக்குக் கூட்டிப்போய் முதல் கேள்வியிலிருந்து கேப்பேன். உறவுக்காரருக்காகக் கொடுக்க வர்றவர்னா, கூட வந்த மாமாவை வெளியே அனுப்பிட்டுத்தான் பேச்சு.

இன்னொரு கூட்டம் உண்டு, “இரத்தம் கொடுத்தா இலவசமாப் பார்த்துச் சொல்லிடுவாங்க”ன்னு வர்றவங்க. இந்தச் சொல் அவங்களுக்குத்தான் புரியணும்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
அப்படியானால் ‘சோதனைக்கு எட்டாக் காலம்’? எட்டாக்கனி எல்லாருக்கும் தெரிந்த வழக்கு.

சூப்பர்வைசர், திருப்பூர்:
எட்டு நாளுங்களா?

இரத்த வங்கி டெக்னீசியன், ஈரோடு:
பார்த்தீங்களா! எட்டு நாள் கழிச்சு வந்து நின்னா வம்பு. ‘சோதனைக்குச் சிக்காக் காலம்’னு போடுங்க. ஊர்ல பேசற சொல்லு.

கூடவே ஒரு வரி சேர்க்கணும். ஒரு பை இரத்தம் மூணு பேருக்குப் போகலாம். தட்டணுக்கள் 5 நாளுக்குள்ள டெங்கு வார்டிலோ வேறெங்கோ ஏறிடும். சிவப்பணு 42 நாளுக்கு மேலே நிக்காது. பிளாஸ்மா மட்டும் மைனஸ் 30 டிகிரியில் ஒரு வருசம் கிடக்கும். அக்டோபர் 1-ல கொடுத்த அதே ஆள் 90 நாள் கழிச்சு, டிசம்பர் கடைசியில் வந்து கொடுத்து, இந்தத் தடவை தொற்று தெரிஞ்சா, உடனே பழைய பை எண்ணைத் தேடுவோம். ஃப்ரீசரில் பிளாஸ்மா இருந்தா எடுத்து அழிச்சிடலாம். மத்த ரெண்டும் யாருக்கு ஏறுச்சோ அவங்களைக் கூப்பிட்டுப் பார்க்கணும். அவர் திரும்பி வரவே இல்லைன்னா, எங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆலோசகர், பொள்ளாச்சி:
‘சிக்கா’வில் எனக்கு ஒரு நெருடல். சிக்கறது திருடன். தாளில் அதைப் பார்க்கற கொடையாளர், நம்மளைப் பிடிக்கப் பார்க்கறாங்கன்னு நினைச்சா இன்னும் மறைப்பார். ‘சோதனையில் தெரியாத நாள்கள்’னு சும்மா எழுதினா என்ன?

தமிழாசிரியர், கோபி:
அது விளக்கம், கலைச்சொல் அன்று.

மஞ்சள் விவசாயி, சிவகிரி:
அக்கா சொல்றதுதான் எனக்கு விளங்குதுங்க.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
நேரமில்லை. தலைப்பில் ‘சிக்காக் காலம்’, அடுத்த வரியில் அக்காவின் தொடர். சிக்காவுக்கு மூன்று பேர், அக்கா பக்கம் இரண்டு பேர். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

தமிழாசிரியர், கோபி:
மெய்ப்பு பார்த்தேன். ‘சிக்கா காலம்’ என்று வந்திருக்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் முன் வல்லினம் மிகும் என்பதை அச்சுக்கோப்பவருக்கு யார் சொல்வது? காலதராக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இரத்த வங்கி டெக்னீசியன், ஈரோடு:
காலதர்க் காலத்துலயும் ஒரு ‘க்’ வருதுங்களே ஐயா.