‘அப்சலூட் ரிஸ்க்’ என்பதற்கு என்ன சொல்லலாம்?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொது வாசகர் இதழ் ஒன்றுக்காக 2015-இல் வந்த இறைச்சி மதிப்பீட்டைச் சுருக்கி எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்டது அது. பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் இடர் சுமார் 18 விழுக்காடு கூடும் என்று முதல் வரைவில் எழுதினேன். படித்துப் பார்த்த அம்மா, “அப்போ நூறு பேர் தின்னா பதினெட்டுப் பேருக்கு வந்துடுமா?” என்று கேட்டார்.

அம்மா மேல் தப்பில்லை. நான் எழுதியது ரிலேட்டிவ் ரிஸ்க், அதாவது ஒரு சாராரை இன்னொரு சாராரோடு ஒப்பிட்ட அளவு. அவர் படித்தது அப்சலூட் ரிஸ்க், அதாவது இத்தனை பேரில் இத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கு. இதுவரை ‘சார்பு இடர்’, ‘தனி இடர்’ என்றே எழுதிவந்திருக்கிறேன். இரண்டும் எதையும் விளக்கவில்லை. வேறு சொல் இருக்கிறதா?

சுந்தரமூர்த்தி எழுதியது:

இயற்பியலில் ‘தனி வெப்பநிலை’ என்று ஊன்றிப்போன சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? தனி இடர் போதும். அப்புறம், அந்த முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் வகையில்தான் வைத்திருக்கிறது. ஆகவே அம்மா பயந்ததில் ஒன்றும் மிகை இல்லை.

நிலானி எழுதியது:

வகை பற்றிச் சொன்னது உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை ஐயா. முதல் வகை என்றால் ‘இது புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று போதுமானது’ என்று பொருள். எவ்வளவு உண்டாக்கும் என்பதை அந்த வகை சொல்வதே இல்லை. புகையிலையின் இடர் இதைவிடப் பல மடங்கு பெரிது.

கணக்கைப் பார்ப்போம். பிரிட்டனில் இவ்வகை இறைச்சியை மிகக் குறைவாகத் தின்பவர்கள் 1000 பேரில், வாழ்நாளில் சுமார் 56 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு 18 விழுக்காட்டைச் சேர்த்தால் 66. ஆயிரத்துக்குப் பத்துப் பேர் கூடுதல். அம்மா நினைத்தது நூற்றுக்குப் பதினெட்டு! நம் பக்கம் இந்த நோயே குறைவு என்பதால், அதே 18 விழுக்காடு இங்கே பத்துக்கும் குறைவான பேராகத்தான் வரும். அடிப்படை எண்ணிக்கையைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொன்னால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஜெபராஜ் எழுதியது:

எங்கள் வீட்டில் கிடா வெட்டினால் உப்புக்கண்டம் போடுவது வழக்கம். அதையும் விடச் சொல்கிறீர்களா?

நிலானி எழுதியது:

உப்பிட்ட இறைச்சியும் அவர்களின் வரையறைக்குள் வருகிறது ஜெபராஜ். ஆனால் அந்த 18 விழுக்காடு, நாள் தவறாமல் 50 கிராம் தின்பவருக்கு. நீங்கள் ஆண்டுக்கு எத்தனை நாள் தின்கிறீர்கள்?

ஜெபராஜ் எழுதியது:

திருவிழாவுக்கு ஒன்று, மாமனார் வந்தால் ஒன்று. சரி, விட்டுவிடுகிறேன், கேள்வியை.

அன்பரசு எழுதியது:

சொல்லுக்கு வருவோம். ரிலேட்டிவ் ரிஸ்க் என்பது இவருக்கு அவரைப்போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு. இங்கே 1.18 மடங்கு. அதை ‘மடங்கிடர்’ என்றால் வாசகரே கேட்பார்: எதன் மடங்கு? அந்தக் கேள்வி எழுந்தாலே பாதி வேலை முடிந்தது. மற்றதற்கு ‘ஆள்கணக்கு இடர்’ எப்படி?

சுந்தரமூர்த்தி எழுதியது:

மடங்கிடர் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆள்கணக்கு இடர் கொச்சையாகத் தோன்றுகிறது. எலிகள் மேல் செய்த ஆய்வானால் ‘எலிக்கணக்கு’ என்பீர்களா? ‘அறுதி இடர்’ என்று வைக்கலாம்.

நிலானி எழுதியது:

‘அறுதி’ என்றால் முடிவாகத் தீர்ந்தது என்று படும். இந்த எண்ணோ மதிப்பீடுதான். இன்னொன்று, கயல். ‘கூடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது ‘அதிகமாகும்’ என்றும் படிக்கும், ‘ஆனாலும் ஆகலாம்’ என்றும் படிக்கும். ஒருவர் அடித்துச் சொன்னதாக எடுப்பார், இன்னொருவர் ஐயமாக எடுப்பார். மக்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைச் சேர்த்துக் கிடைத்த எண் இது. அதிகம் தின்றவர்கள் வேறு பழக்கங்களிலும் மாறுபடலாம் என்பதால் கணக்கில் அதைச் சரிசெய்து பார்க்கிறார்கள். அப்படியும் முழுக்கச் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் ‘அதிகமாகக் காணப்பட்டது’ என்று இறந்த காலத்தில் எழுதுங்கள்.

கயல்விழி எழுதியது:

‘கூடும்’ என் கண்ணில் படவே இல்லை. திருத்திய வரி இது:

“நாள்தோறும் 50 கிராம் தின்றவர்களிடம் இந்தப் புற்றுநோய் சுமார் 1.18 மடங்காகக் காணப்பட்டது. பிரிட்டன் கணக்கில், மிகக் குறைவாகத் தின்பவர் ஆயிரம் பேரில் சுமார் 56 பேருக்கு வருமென்றால், இப்படித் தின்பவர் ஆயிரம் பேரில் சுமார் 66 பேர்.”

எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன், அப்சலூட் ரிஸ்க்குக்கு இதில் சொல்லே தேவைப்படவில்லை. தலைப்புக்கு மட்டும் மடங்கிடர் எடுத்துக்கொள்கிறேன்.

சுந்தரமூர்த்தி எழுதியது:

பாடநூல் எழுதுபவர் என்ன செய்வார்? அவருக்குச் சொல் வேண்டுமே. ‘அறுதி’யை நான் இன்னும் கைவிடவில்லை.